இரண்டு போன், ஒரே சோபா

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் இருக்கும் ராமலிங்கம் அண்ட் சன்ஸ் பட்டு மாளிகையின் பெயர்ப்பலகை, ‘நான்காவது தலைமுறையாக’ என்று பொன்னெழுத்தில் சொல்லும். அதில் பொய் கிடையாது. முதல் தலைமுறை வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தது. இரண்டாவது தலைமுறை அந்தச் சைக்கிள்களை விற்றது. மூன்றாவதான ராமலிங்கம் பட்டுக்கடை தொடங்கினார். எதில் நான்காவது தலைமுறை என்று வாடிக்கையாளர் யாரும் நின்று கேட்டதில்லை. ‘சன்ஸ்’ என்ற பன்மைக்குப் பொறுப்பேற்க அவருக்கு ஒரே ஒரு மகன், யுவன்.

யுவன் லண்டனில் ஓராண்டு படித்துவிட்டு மார்கழியில் ஊர் திரும்பினான். திரும்பிய நான்காம் நாள் மாடியில் ஓர் அறைக்குக் கண்ணாடிக் கதவு போட்டு, அதில் ‘சீஃப் பிராண்ட் ஆபீசர்’ என்று எழுதச் சொன்னான். எழுதியவர் ‘சீஃப்’ வரை வந்து டீ குடிக்கப் போய்விட்டதால், இரண்டு நாள் அவன் வெறும் சீஃபாகவே இருந்தான். அது அவனுக்குப் பிடித்தும் இருந்தது.

கடையின் விளம்பரங்களோ மாடிப்படிக்குக் கீழே, புடவைப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு மேசையிலிருந்துதான் மூன்று வருடமாகப் போய்க்கொண்டிருந்தன. மேசைக்காரி நதியா. வாலாஜாபாத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள். பி.காம். முடித்து பில் போடத்தான் சேர்ந்தாள். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் விளம்பரம் கொடுக்கும் வித்தையைப் பஸ்ஸில் வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டாள். அவள் மேசைக்கு மேலே சுவரில் ஒரே ஒரு வரி ஒட்டியிருந்தது: ‘இரண்டு போனும் ஒரே சோபாவில் இருக்கும்.’

அது வேதவாக்கு ஒன்றுமில்லை. அனுபவம். முகூர்த்தப் பட்டு என்பது மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்கு எடுத்துக் கொடுப்பது. மாப்பிள்ளையின் அம்மா வாங்குகிறாள், பெண் கட்டுகிறாள், பெண்ணின் அம்மா இருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். இந்த மூவரையும் ஒரு வேனில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவருவதுதான் விளம்பரத்தின் வேலை. அதனால் நதியா இரண்டு விளம்பரம் எழுதுவாள். சென்னை, பெங்களூரில் இருக்கும் இருபது சொச்சம் வயதுப் பெண்களுக்கு ஆங்கிலத்தில் ஒன்று. வேலூர், திருவண்ணாமலை, அரக்கோணம் பக்கத்து நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய அம்மாக்களுக்குத் தமிழில் ஒன்று. ஒன்றைப் பார்த்து இன்னொன்றை மொழிபெயர்க்க மாட்டாள். இரண்டையும் தனித்தனியாக எழுதிவிட்டு, கடைசியில் ஒரு சோதனை வைப்பாள்: ஒரே சோபாவில் உட்கார்ந்து இதை அவர்களும், அதை இவர்களும் பார்த்தால் சண்டை வருமா?

தை பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது யுவன் மாடியில் கூட்டம் போட்டான். சென்னை ஏஜென்சியிலிருந்து சிம்ரன் என்ற பெண் திரையில் தோன்றி, கழுத்தை அசைக்காமல் நாற்பது நிமிடம் பேசினாள். அதன் சாரத்தை யுவன் எழுந்து நின்று சொன்னான்.

“சிம்பிள். தமிழ் செக்மெண்ட், இங்கிலீஷ் செக்மெண்ட். லாங்குவேஜ் டார்கெட்டிங்ல தமிழ்னு போட்டா தமிழ் ஆளுங்களுக்குத் தமிழ் ஆட். இங்கிலீஷ்னு போட்டா மாடர்ன் பிரைடுக்கு இங்கிலீஷ் ஆட். வயசு, ஊருன்னு போட்டுக் குழப்பிக்கவே வேணாம். மொழியே பிரிச்சுக் குடுத்துடும்.”

ராமலிங்கம் கண்ணை மூடித் தலையாட்டினார். ஊர்த் தமிழ் வளர்ச்சி மன்றத்தின் புரவலர் அவர். ‘மொழியே’ என்ற சொல் காதில் விழுந்தால் தலை தானாக ஆடும்.

நதியா கையைத் தூக்கினாள். “சார், அந்தக் கட்டத்துல தமிழ்னு போட்டா, தமிழ் படிக்கிறவங்களுக்குப் போவாது. ஆப்பைத் தமிழ்ல வெச்சிருக்கிறவங்களுக்குத்தான் போவும். போன் வாங்குனப்போ கடைக்காரன் எதுல போட்டுக் குடுத்தானோ, முக்கால்வாசிப் பேரு அதுலயேதான் வெச்சிக்கினு இருக்காங்க.”

“அது ரொம்ப கிரானுலர், நதியா.”

“ஒரு நிமிஷம் சார். இங்க இருக்கிற போனையே பாத்துடலாமே.”

விற்பனையாளர்கள், கணக்காளர், வாசல் காவல் என்று பதினொரு போன் மேசைக்கு வந்தன. வீட்டில் தெலுங்கு பேசும் விற்பனையாளர்கள் இருவர் போனும் ஆங்கிலம். கூரத்திலிருந்து வரும் அகிலா, ஆங்கிலத்தில் கையெழுத்துகூடப் போடாதவள். அவள் போனும் ஆங்கிலம். தமிழ் வளர்ச்சி மன்றப் புரவலரின் போன் சுத்த ஆங்கிலம். தமிழில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: காவல்காரர் பூவராகவனுடையது.

“நீங்களாவது வெச்சிருக்கீங்களே!” என்றார் ராமலிங்கம், மன்றத்துக் குரலில்.

“நான் எங்கய்யா வெச்சேன்? பேரப்புள்ள எதையோ அமுக்கிடுச்சு. அன்னியிலேர்ந்து திரும்பிப் போற வழி தெரியல,” என்றார் பூவராகவன்.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. யுவன் மட்டும் சிரிக்கவில்லை. “பதினொரு போன் ஒரு சாம்பிள் கிடையாது,” என்றான். திரையில் சிம்ரன் அதை ஆமோதித்தாள்.

ராமலிங்கம் தீர்ப்புச் சொன்னார். தை மாதம் முழுவதும் ஏஜென்சி கையில். நதியா அதுவரை பில் போடட்டும். மாசி ஒன்றாம் தேதி பார்த்துக்கொள்ளலாம். ஏஜென்சி சரியாகச் செய்தால் அப்படியே தொடரட்டும்.

“அப்ப நான்?” என்றாள் நதியா.

“பில்லும் முக்கியமான வேலைதாம்மா.”

அன்று மாலையே விளம்பரக் கணக்கில் அவளுக்கிருந்த அனுமதி எடுக்கப்பட்டது. மூன்று வருடத்து விளம்பரங்களும் அவள் போனில் படங்களாக மட்டும் மிஞ்சின. படிக்குக் கீழே இருந்த மேசையில் மறுநாளே புடவைப் பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள். சுவரிலிருந்த வரியை மட்டும் அவள் கிழிக்கவில்லை. கிழிக்கிறதானால் மாசியில் கிழித்துக்கொள்ளலாம்.

விளம்பரங்கள் கிளம்பின. ஆங்கிலத்தில் யுவனே யோசித்த வரி: ‘நாட் யுவர் மதர்ஸ் சில்க். நாட் யுவர் மதர் இன் லாஸ் சாய்ஸ். யுவர்ஸ்.’ இதற்காக அவன் இரண்டு நாள் தாடியைத் தடவியிருந்தான். தமிழுக்கு யோசிக்கத் தேவைப்படவில்லை; மொழிபெயர்ப்புச் செயலியிடம் கொடுத்தார்கள், மூன்று நொடியில் வந்துவிட்டது. கோர்வைப் பட்டின் பெருமையே, பார்டரைத் தனி நாடாவில், அதாவது தனி ஓடத்தில், ஓட்டி உடலோடு கோர்த்து நெய்வதுதான். ஏஜென்சி அதை ஆங்கிலத்தில் ‘இன்டர்லாக்டு பார்டர்ஸ்’ என்று எழுதியிருந்தது. செயலி அதை எடுத்துத் தமிழில், ‘பூட்டப்பட்ட எல்லைகளுடன் கூடிய மணமகள் உடை’ என்று தந்தது. யுவன் படித்துப் பார்த்து, “கிளாசிக்கலா இருக்குல்ல?” என்றான். தனக்குப் புரியாத தமிழெல்லாம் இலக்கியத் தமிழ் என்பது லண்டனுக்குப் போவதற்கு முன்பே அவனிடமிருந்த நம்பிக்கை.

பத்து நாள் கழித்துப் பூவராகவன் பில் போடும் இடத்துக்கு வந்து, போனை நதியாவின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“நதியாம்மா, எங்கியோ எல்லையப் பூட்டிட்டாங்களாமே? ஒரு நாளிக்கு மூணு வாட்டி வருதுமா. கூடவே மணமகள் உடைங்கிறான். எனக்கு எதுக்குமா மணமகள் உடை?”

அவள் பார்த்தாள். நம் கடையேதான். ஆண் பெண் என்று பிரிப்பது பழைய சிந்தனை என்று ஏஜென்சி அதையும் திறந்துவிட்டிருந்தது. தமிழ் போன் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்; பட்ஜெட்டோ பெரியது. அதனால் அந்தக் கொஞ்சம் பேரிடமே விளம்பரம் திரும்பத் திரும்பப் போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

அவள் மாடியேறிச் சொன்னாள். யுவன் திரையைத் திருப்பிக் காட்டினான்.

“தமிழ் செக்மெண்ட் கொஞ்சம் டல்தான். தமிழ் ஆடியன்ஸ் ஆன்லைன்ல இல்லன்னு இதுலேர்ந்தே தெரியுது. ஆனா இங்கிலீஷ் ஆட் பாருங்க, ஷேர் எகிறுது! எல்லாரும் ஃபார்வர்டு பண்றாங்க!”

“யாரு சார் பண்றாங்க?”

“மாடர்ன் பிரைட்ஸ்.”

“வயசுவாரியா பிரிச்சுப் பாத்தீங்களா சார்?”

“அதெல்லாம் மன்த் எண்ட் ரிப்போர்ட்ல வரும்.”

மாதக் கடைசி வரை காத்திருக்க நேரவில்லை. தை மாத மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு ஒரு வேன் வந்து கடை வாசலில் நின்றது. பதினான்கு பேர் இறங்கினார்கள். முன்னால் வந்தவர் செல்லியம்மாள். ஆற்காடு பக்கம் அரிசி மில் நடத்துபவர், மாப்பிள்ளையின் அம்மா. பின்னால் பெண்ணின் அம்மா எஸ்தர். அவருக்குப் பின்னால், பெங்களூரில் வேலை பார்க்கும் பெண், தேவிப்ரியா. மீதிப்பேர் எல்லாக் கல்யாணத்திலும் இருக்கிறவர்கள்.

ராமலிங்கம் இரு கையும் கூப்பி எதிர்கொண்டார். “வாங்க வாங்க! நாலு தலைமுறையா...”

“அது இருக்கட்டும்,” என்றார் செல்லியம்மாள். பையிலிருந்து போனை எடுத்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றினார். கடை முழுக்கக் கேட்கும்படி, எழுத்தெழுத்தாக, மில்லில் மூட்டை எண்ணும் நிதானத்தோடு படித்தார்: “நாட்... யுவர்... மதர் இன் லாஸ்... சாய்ஸ்.” போனைத் தாழ்த்தினார். “இது உங்க கடைதானே?”

ராமலிங்கத்தின் கூப்பிய கைகள் எங்கே போவதென்று தெரியாமல் அப்படியே நின்றன.

“மாமியார் எடுக்கிறது வேணாம்னு எழுதிப்புட்டு, மாமியாருக்கே அனுப்பி வெச்சிருக்கீங்களே, அந்த தைரியத்தைப் பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தோம். பாத்தாச்சு. நம்ம ஆளுங்க எல்லாரும் ஏறுங்கப்பா வேன்ல. எதிர்க்கடைக்குப் போலாம்.”

“அத்தை, நான் அதை ஷேர்கூட பண்ணல,” என்றாள் தேவிப்ரியா பதறி.

“நீ பண்ணல கண்ணு. எனக்கே வந்துச்சு. எங்க மகளிர் குழுவுல நாப்பது பேருக்கும் வந்துக்கினு இருக்குது. நாங்கதான் மாத்தி மாத்தி அனுப்பிக்கினோம், இந்த அநியாயத்தைப் பாருங்கடின்னு.”

மாடிக் கண்ணாடிக் கதவு திறந்து, யுவன் நான்கு படி இறங்கி, நிலைமையைப் பார்த்து, ஒரு முக்கியமான அழைப்பு வந்ததுபோல போனைக் காதில் வைத்துக்கொண்டு திரும்ப மேலே ஏறினான். போன் தலைகீழாக இருந்தது.

“அது வந்து... அது மாமியாருக்கு இல்லம்மா... கம்ப்யூட்டர்...” என்று தொடங்கினார் ராமலிங்கம். தமிழ் வளர்ச்சி மன்ற மேடையில் அரைமணி நேரம் குறிப்பில்லாமல் பேசுபவர், இங்கே ‘கம்ப்யூட்டரோடு’ நின்றுபோனார்.

பில் போடும் இடத்திலிருந்து நதியா எழுந்து வந்தாள்.

“அம்மா, ஒரு நிமிஷம். நான் சொல்றேன். கம்ப்யூட்டர் மேல தப்பு இல்ல. அது பொண்ணுங்களுக்குன்னு எழுதினது. உங்க போன் இங்கிலீஷ்ல இருக்குதா?”

“கடையில குடுத்தபடியே இருக்குது.”

“அதான். இங்கிலீஷ் போனுன்னா சின்ன வயசுப் பொண்ணுன்னு நெனச்சு அனுப்பிட்டாங்க.”

செல்லியம்மாள் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். “அப்போ, என் முதுவுக்குப் பின்னால சொல்ல வேண்டியது தவறி என் மூஞ்சிக்கே வந்துடுச்சு. அதானே?”

“ஆமாம்மா,” என்றாள் நதியா.

ராமலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். இந்த முறை தலை ஆடவில்லை. ஆனால் செல்லியம்மாளின் வாயோரத்தில் ஏதோ அசைந்தது. தான் கேட்ட கேள்விக்குக் காஞ்சிபுரப் பட்டுக்கடை ஒன்றில் நேராக ‘ஆமாம்’ என்று பதில் வந்து அவர் பார்த்ததே இல்லை.

“இந்த லட்சணத்துல நீ ஏன் எழுந்து வந்தே?”

“முன்னாடி இந்தக் கடைக்கு நான்தான் எழுதிக்கினு இருந்தேன். போறதுன்னா போங்கம்மா. போறதுக்கு முன்னாடி நான் எழுதினதையும் பாத்துட்டுப் போங்க. கடையைத் திட்டுறதுன்னா முழுசாத் திட்டணும் இல்ல?”

அவள் தன் போனில் மிஞ்சியிருந்த பழைய விளம்பரப் படங்களில் இரண்டைத் தேடி எடுத்தாள். ஆங்கில விளம்பரத்தைச் செல்லியம்மாளிடம் கொடுத்தாள். தமிழ் விளம்பரத்தைத் தன்னிடமிருந்த இன்னொரு பழைய போனுக்கு அனுப்பி, அதைப் பெண்ணிடம் கொடுத்தாள். வேண்டுமென்றேதான் மாற்றிக் கொடுத்தாள்.

தேவிப்ரியா தமிழைப் படித்தாள், சத்தமாக. “மகனைக் கொடுத்து மகளை எடுக்கிறீர்கள். அவள் ஆயுள் முழுக்க வைத்திருக்கப்போகும் முதல் புடவை உங்கள் கையால். மூன்று நாடாக் கோர்வை; திருப்பிப் பார்த்தே எடுங்கள். அவளையும் அழைத்து வாருங்கள்.” கடைசி வரியில் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

“இது என்னா போட்டிருக்குது? நீ சொல்லு,” என்று செல்லியம்மாள் ஆங்கிலத்தை அவளிடம் நீட்டினார்.

“‘அந்த வீட்டுலேர்ந்து வர்ற முதல் புடவை. சேர்ந்து செலக்ட் பண்ணுங்க’ன்னு போட்டிருக்கு அத்தை. கீழ, அறுநூத்தி இருபது கிராம், கட்டிக்கிட்டு மூணு மணி நேரம் உக்காரலாம்னு.”

“கிராம் கணக்கு எனக்கு ஏன் போடல?” செல்லியம்மாள் நதியாவைப் பிடித்தார்.

“உங்களுக்கு எடையச் சொன்னா, கம்மியா இருக்குதே, ஜரிகை கொறைச்சலான்னு கேப்பீங்கம்மா. இவங்களுக்கு நாடாவச் சொன்னா அது இன்னான்னு கேப்பாங்க. புடவை ஒண்ணுதான். யாரு எதைக் கேப்பாங்களோ அதைச் சொன்னேன். ஆனா மாத்திப் படிச்சாலும் பொய்யாவக் கூடாது, யாரும் யாரு மேலயும் கோச்சிக்கக் கூடாது. அதைப் பாத்துத்தான் அனுப்புவேன்.”

எஸ்தர் இவ்வளவு நேரமும் சம்பந்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர். இப்போது போனை வாங்கித் தமிழை இன்னொரு முறை மனசுக்குள் படித்தார். “எனக்கு ஒண்ணும் எழுதலியாமா? பொண்ணோட அம்மாவுக்கு?” என்றார் மெல்ல.

மூன்று வருடத்தில் நதியாவுக்குத் தோன்றாதது. “எழுதல, ஆண்ட்டி. எழுதணும்,” என்றாள்.

செல்லியம்மாள் பாயில் உட்கார்ந்தார். தலைவர் உட்கார்ந்தால் கட்சி உட்கார்ந்துவிடும். பதினான்கு பேரும் உட்கார்ந்தார்கள். “காட்டச் சொல்லு அந்த மூணு நாடாவை. திருப்பிப் பாத்துத்தான் எடுப்பேன்,” என்றார். “எழுதின பொண்ணு பக்கத்துலயே இருக்கட்டும்.”

பிற்பகல் இரண்டு மணிக்கு அரக்கில் பச்சைக் கரை வைத்த புடவை ஒன்றைப் பெண் தோளில் போட்டுப் பார்த்தாள். மாமியார் திருப்பிப் பார்த்தார். அம்மா இருவர் முகத்தையும் பார்த்தார். மூன்று தலை ஒன்றாக ஆடியதை நதியா பக்கத்திலிருந்து பார்த்தாள். நெய்தவர் யாரோ, விற்றவர் யாரோ. ஆனால் இந்த மூன்று பேரையும் ஒரே பாயில் உட்கார வைத்த வரி அவளுடையது. போகும்போது செல்லியம்மாள் அவள் கன்னத்தைத் தட்டி, “உன்னோடதை எனக்கு அனுப்பி வெய். எங்க குழுவுல போட்டு, முன்ன திட்டினதை வாபஸ் வாங்கிக்கிறேன்,” என்றார்.

மாசி ஒன்றாம் தேதி வரை ராமலிங்கம் பொறுக்கவில்லை. திங்கள் காலையிலேயே புடவைப் பெட்டிகளைத் தானே இறக்கி, படிக்குக் கீழே இருந்த மேசையை மீட்டுக் கொடுத்தார். இரண்டு பெட்டிக்குப் பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு மீதியை ஆட்களிடம் விட்டார். கணக்கின் அனுமதி திரும்பி வந்தது. ஏஜென்சியின் கடைசி அறிக்கை பன்னிரண்டு பக்கம். அதில் ஏழாம் பக்கத்தில், ஆங்கில விளம்பரத்தைப் பகிர்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் என்று ஒரு வட்டப்படம் இருந்தது. சிம்ரன் அதற்கு, ‘எதிர்பாராத ஆர்வம்’ என்று தலைப்புக் கொடுத்திருந்தாள்.

யுவன் இறங்கி வந்து மேசையருகே நின்றான். “நம்ம கத்துக்கிட்டது என்னன்னா...” என்றான்.

“நம்மளா சார்?” என்றாள் நதியா, திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

அவன் சுவரிலிருந்த வரியைப் படித்தான், ஒருவேளை முதல் முறையாக. “இது... நல்ல லைன்,” என்றான். தாடியைத் தடவவில்லை.

அந்த வாரத் தமிழ் வளர்ச்சி மன்றக் கூட்டத்தில் ராமலிங்கம், ‘தாயிடம் தமிழில் பேசு, மகளிடம் அவள் மொழியில் பேசு, இருவரிடமும் ஒரே உண்மையைப் பேசு’ என்று முழங்கிக் கைதட்டல் வாங்கினார். இது தம் கடையில் நான்கு தலைமுறையாகக் கடைப்பிடிக்கும் கொள்கை என்றும் சொன்னார். சைக்கிளை வாடகைக்கு விட்ட தாத்தாவும் அதில் சேர்த்தி.

நதியா புது விளம்பரங்களை ஏற்றினாள். இந்த முறை மூன்று. மூன்றாவது பெண்ணின் அம்மாவுக்கு. அதற்கு அவள் பஸ்ஸில் நான்கு நாள் எடுத்துக்கொண்டாள். ஊரைக் குறித்தாள். வயதைக் குறித்தாள்; ஃபேஸ்புக் அந்த வயதை வெறும் யோசனையாக எடுத்துக்கொண்டு இஷ்டத்துக்கு விரித்துக்கொள்ளும் வசதியை அணைத்தாள். மூன்றையும் மாற்றி மாற்றி மூன்று பேராகப் படித்துப் பார்த்தாள். சண்டை வரவில்லை.

பூவராகவன் எட்டிப் பார்த்தார். “அந்த எல்லைப் பிரச்சினை தீந்துச்சா?”

“தீந்துச்சு. உங்க போனையும் இங்கிலீஷுக்கு மாத்திடட்டுமா?”

“வேணாம்மா. ‘விமானப் பயன்முறை’ன்னு படிக்கறப்போ ஒரு கெத்தா இருக்குது.”

திரையில் கடைசியாக ஒரு கட்டம் மிஞ்சியிருந்தது: எந்த மொழிக்காரர்களுக்கு? அதில் தமிழ் என்று போட்டுப் பார்த்தாள்; எத்தனை பேருக்குப் போகும் என்று காட்டும் எண் பொத்தென்று விழுந்தது. எடுத்தாள், எழுந்து நின்றது. ஆற்காடு, அரக்கோணம், பெங்களூர், வீட்டுக்கு வீடு சோபாவில் கிடக்கும் அத்தனை போனும் அந்த எண்ணுக்குள் இருந்தன. நதியா அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, பொத்தானை அழுத்தினாள்.